ஆளுக்கு ஒரு உயிர்

உங்கள் வீட்டில் டி.வி. கேம் இருந்ததா? இருந்தால் ஒரே ஒரு கேள்வி: கன்ட்ரோலர் ஒன்று, ஆள் மூன்று என்றால் எப்படிக் கை மாற்றுவீர்கள், செத்தாலா, மணி பார்த்தா?

சில்லறைக் கேள்வி மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு கோடைக்கால லீவு முழுக்க இதை வைத்துத்தான் சண்டை. அந்தச் சண்டையில் பெரிய நியாயவாதி நான். காலேஜில் பேச்சுப் போட்டிக்கெல்லாம் போகிறவன், பி.காம். இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன், வாயைத் திறந்தால் மூடமாட்டேன். அந்த வாயை நினைத்தால் இப்போது காது சூடாகிறது.

எங்கள் வீடு இரும்புலியூரில், மாடி போர்ஷன். ஜி.எஸ்.டி. ரோடில் கனமான லாரி போனால் ஷோகேஸில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணு என்று ஆடும். அந்த வருஷம் என் தங்கை பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். லீவுக்கு என்று வண்டலூர் பெரியப்பா வீட்டிலிருந்து டி.வி. கேம் செட்டை இரவல் வாங்கி வந்தோம். ஸ்கூல் திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்பா பெரியப்பாவிடம் வாக்குக் கொடுத்து வாங்கியது. அப்பா வாக்கு என்றால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

செட் கூடவே ஒரு கன்ட்ரோலர்தான் வந்தது. இன்னொன்றைப் பெரியப்பா மகன் கோபத்தில் சுவரில் அடித்திருந்தான். அடித்த அடியில் வயரோடு சேர்ந்து செட்டில் இருந்த இரண்டாவது ஓட்டையும் பிய்ந்துவிட்டது. அதனால் புதுக் கன்ட்ரோலர் வாங்கிச் செருகினாலும் பிரயோஜனமில்லை.

முதல் நாள் எனக்கு இது உறைக்கவில்லை. கேசட்டைச் செருகி, 'டூ பிளேயர்' என்று ஸ்டைலாகத் தேர்ந்தெடுத்தேன். முதலில் என் ஆள் ஓடினான், செத்தான். அடுத்து தங்கையின் ஆள் வந்து நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்து எல்லாப் பட்டனையும் அமுக்கச் சொன்னேன். அசையவில்லை. அந்த ஆள் கேட்பது இரண்டாவது ஓட்டையை, நாங்கள் அமுக்குவது முதல் ஓட்டையை. மேலே ஓடும் நேரம் தீர்ந்து, நின்ற இடத்திலேயே தானாகச் செத்துப்போனான்.

"பஸ் ஸ்டாப்ல நிக்கிற மாதிரியே நின்னான்ணா, பாவம்," என்றாள் தங்கை.

ஆக, எந்த கேம் என்று தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை அன்றே முடிந்துவிட்டது. இரண்டு பேர் சண்டை போடும் கேம் எல்லாம் கழித்தாகிவிட்டது. டென்னிஸ் கழித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பதில் 'ஒன் பிளேயர்' மட்டும். கேசட் அட்டையில் நூற்றுக்கணக்கில் கேம் என்று போட்டிருந்தான். போட்டுப் பார்த்தால் அதே நாலைந்துதான், கலரை மாற்றி, பேரை மாற்றி, திரும்பத் திரும்ப வந்தது.

அதில் உருப்படியானது இரண்டு. ஒன்று கோட்டை கேம்: ஒரு குள்ள ஆசாமி ஓடி, குதித்து, பள்ளம் தாண்டி, வழியில் வரும் ஜந்துக்களை மிதித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு கோட்டைக்குள் போவான். மொத்தம் எட்டுக் கோட்டை. இன்னொன்று கார் கேம்: மேலிருந்து பார்த்தால் ரோடு தெரியும், லாரிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும், மோதினால் பெட்ரோல் குறையும், பெட்ரோல் தீர்ந்தால் கதை முடிந்தது.

விளையாட மூன்று பேர். நான், தங்கை, அம்மா. அப்பா நியூஸ் நேரத்துக்கு டி.வி.யைக் கேட்பாரே தவிர கன்ட்ரோலரைத் தொடமாட்டார். அம்மா ஸ்கூலில் கணக்கு டீச்சர், அவளுக்கும் லீவு. முதலில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்தவள், இரண்டாம் நாளே, "எனக்கு எப்போ?" என்று கேட்டாள்.

கோட்டை கேமில் ஒரு ஆட்டத்துக்கு மூன்று உயிர். நாங்களும் மூன்று பேர். நான் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னேன். "சிம்பிள். ஆளுக்கு ஒரு உயிர். செத்தா அடுத்தவங்க கைக்குப் போகணும். எவ்ளோ நேரம் ஆடினாலும் கேக்கப்படாது. தெரு கிரிக்கெட்ல அவுட் ஆற வரைக்கும் பேட் அவன் கைல தானே?"

"அப்போ நல்லா ஆடறவங்க ஒரு மணி நேரம் வெச்சிப்பாங்க, ஆடத் தெரியாதவங்க அஞ்சு செகண்டுல குடுத்துடணும்," என்றாள் அம்மா, கணக்கு டீச்சர் குரலில்.

"அம்மா, நீ கவலைப்படாத. உன்னை ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கறோம்."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். தெருவில் விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். டீமில் சேர்க்க லாயக்கில்லாத ஒருத்தன் அழுதுகொண்டு நிற்பான். அவனைத் துரத்தவும் மனசு வராது. ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வோம். கடைசியில் பேட்டிங் தருவோம், மெதுவாக உருட்டிப் போடுவோம், அவுட் ஆனாலும் அவுட் இல்லை என்போம். அவன் எடுத்த ரன்னை யாரும் எண்ண மாட்டார்கள். அது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது.

ரூல் போட்டது நான். ரூலில் மாட்டியதும் நான்.

அம்மா ஓடவே மாட்டாள். அவள் ஆசாமி மாம்பலம் மார்க்கெட்டில் காய் வாங்குகிற மாதிரி நிதானமாக நடப்பான். பள்ளத்தின் விளிம்பில் நின்று யோசிப்பாள். நேரம் தீர்ந்து சாவாளே தவிர, விழுந்து சாகமாட்டாள். தங்கையோ தண்ணீர் மாதிரி. எந்த மேடையின் அடியில் என்ன ஒளிந்திருக்கிறது, எந்தக் குழாய்க்குள் இறங்கினால் எங்கே முளைக்கலாம் எல்லாம் பத்தே நாளில் அத்துப்படி.

ரூல் போட்டவன் என்பதால் முதல் உயிர் எப்போதும் எனக்குத்தான். நான் முதல் கட்டத்தின் இரண்டாவது பள்ளத்தில் விழுவேன். தினமும். அகலமான பள்ளம் அது. ஓடி வந்து தாண்ட வேண்டும். ஓட ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன். நான் ஓடி வருவேன், குதிப்பேன், அக்கரைக்கு ஒரு செங்கல் முன்னால் விழுவேன்.

"பட்டன் அமுங்கல," என்பேன்.

"எனக்கு அமுங்குதே," என்பாள் தங்கை.

"உனக்கு ஒல்லி விரல். உள்ள ரப்பர் தேஞ்சிருக்கு. இது மேனுஃபாக்சரிங் டிஃபெக்ட்."

"அந்தப் பள்ளம் மட்டும் டிஃபெக்டாணா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

என் முறை தொடங்கி முடிவதற்குள் டிகாஷன்கூட இறங்காது. பிறகு மணிக்கணக்காக மற்ற இருவரும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் எனக்குத் திடீரென்று சமதர்ம சிந்தனை வந்தது. "செத்தா மாத்தறது அநியாயம். நேரம் வெச்சு மாத்துவோம்," என்று அலாரம் கடிகாரத்தைக் கொண்டுவந்து டி.வி. மேல் வைத்தேன். அலாரம் அடித்தால் விளையாட்டை நிறுத்தி, அப்படியே கை மாற்ற வேண்டும்.

அது இன்னும் கேவலமாகப் போயிற்று. தங்கை கஷ்டப்பட்டு நாலாவது கோட்டை வரை கொண்டு போயிருப்பாள், அலாரம் அடிக்கும், கன்ட்ரோலர் என்னிடம் வரும். முதல் கட்டமே தாண்டாதவன் நாலாவது கோட்டையில் என்ன செய்வான்? நெருப்பு உருண்டைக்குக் கீழே நின்று வரிசையாகச் செத்தேன். மூன்று உயிரும் என் ஐந்து நிமிஷத்துக்குள்ளேயே காலி. ஆட்டம் மறுபடி முதலில் இருந்து. அந்த செட்டில் எங்கே விட்டோமோ அங்கே தொடர்கிற வசதியெல்லாம் கிடையாது. செத்தால் முதலில் இருந்து, கரண்ட் போனால் முதலில் இருந்து, கேசட்டை எடுத்தால் முதலில் இருந்து. வேறு கேமுக்கு மாற்றவே கேசட்டைப் பிடுங்கித் திரும்பச் செருக வேண்டும்.

தங்கை செட்டை அணைத்துவிட்டு எழுந்தாள். அடுத்த நாள் மாடிப்படியில் உட்கார்ந்து, நான் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, உன் உயிரை எனக்குக் குடேன்."

"என்னது?"

"அலாரம் வேணாம். பழைய ரூலே இருக்கட்டும். அம்மா அவங்க உயிரைத் தர்றேன்னுட்டாங்க. உன்னுதும் குடுத்தா மூணு. மூணு இருந்தா எட்டாவது கோட்டைக்குள்ள போயிடுவேன். உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும். கிளாஸ்ல ஒருத்தி பாத்துட்டாளாம், சொல்லவே மாட்டேங்கறா, நீயே பாருங்கறா. ஞாயித்துக்கிழமை செட்டு போயிடும்ணா."

அவள் கேட்டது அவ்வளவுதான். நான் எப்படியும் ஐந்து செகண்டில் பள்ளத்தில் கொட்டப்போகிற ஒரு உயிர்.

"ரூல்னா ரூல்," என்றேன். "எல்லாருக்கும் சமம். இன்னிக்கு உனக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு என்ன கேப்ப?"

பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. அது அப்போது ஞாபகம் வரவில்லை. உயிரைக் கொடுத்தால் நான் ஆடத் தெரியாதவன் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடுமே, அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "சரி, அப்போ கார் போடலாமா? அதுல எல்லாருக்கும் ஒரே பெட்ரோல் டேங்க். யாருக்கும் ரொம்ப நேரம் ஆகாது. உனக்கும் புடிக்கும்."

யோசித்துப் பார்த்தால் அது ரொம்ப நல்ல தேர்வு. ஒரு கன்ட்ரோலர் வீட்டுக்கு அந்த மாதிரி கேம்தான் சரி. ஆள் மாற்றிக் குழப்பமில்லை, ஒருத்தர் கெடுத்ததை இன்னொருத்தர் சுமக்க வேண்டியதில்லை. எவ்வளவு மோசமாக ஓட்டினாலும், எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், டேங்க் தீர எடுக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்று நம்பர் காட்டும். அதைப் பார்த்து ஜெயித்தவர் யார் என்று சொல்லலாம்.

அதில் நான் ஜெயித்தேன்.

நிஜமாகவே ஜெயித்தேன், தினமும். நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கார் கேம்தான். அம்மா லாரிக்குப் பின்னாலேயே ஹாரன் அடிக்காமல் ஓட்டுவாள். தங்கை முதலில் பறப்பாள், முக்கால்வாசி தூரம் போனதும் ஏதாவது ஒரு வளைவில் போய் மரத்தில் முட்டுவாள். மறுபடி முட்டுவாள். பெட்ரோல் தீரும். "ஐயோ, டென்ஷன் ஆயிட்டேன்ணா," என்பாள். நான் அவளுக்கு அறிவுரை வேறு சொல்வேன். வளைவுக்கு முன்னாடியே ஸ்பீடைக் குறைக்கணும், ரோடு வளையறதுக்கு முன்னாடி நீ வளையணும், பொறுமை வேணும்மா, பொறுமை. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

இது போதாதென்று கிரிக்கெட் ஆடும் நண்பன் ஒருத்தனை வீட்டுக்கே கூட்டி வந்தேன். இரும்புலியூர் ஏரிக்கரைப் பக்கம் சொந்த நிலமெல்லாம் உள்ள குடும்பம், அவர்கள் வீட்டில் கலர் டி.வி.யே இரண்டு. வந்து உட்கார்ந்து பார்த்தான்.

"இன்னாடா மச்சான், உன் தங்கச்சிய இப்டி வெளுக்கற."

"எல்லாம் கண்ட்ரோல்டா," என்றேன்.

"பாப்பா, நீ இன்னா, கரெக்டா மரம் எங்க கீதோ அங்க போய் குத்தற?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். தங்கை குனிந்து கன்ட்ரோலர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா, "தம்பி, காபி ஆறுது," என்றாள். அவனுக்கு ஒரே பார்வையில் பிடிபட்டது எனக்கு ஒரு மாசமாகப் பிடிபடவில்லை.

செட் திரும்பிப் போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள். சாயந்திரம் வரை கிரிக்கெட் என்று சொல்லிவிட்டுப் போனேன். கிரவுண்டில் கல்யாணப் பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் இல்லை. வெயிலில் திரும்பி வந்து, சைக்கிளைப் படிக்குக் கீழே ஸ்டாண்டு போட்டேன். எங்கள் படி வெளிப்பக்கம். ஹால் ஜன்னல் படியின் பாதியில் வரும். ஜன்னலுக்கு உள்ளே திரை, திரைக்குப் பின்னால் டி.வி. சத்தம்.

அது கார் சத்தம் இல்லை. கோட்டை கேமின் மியூசிக். ஆனால் நான் கேட்டே இராத மியூசிக். முதல் கட்டத்திலேயே சாகிறவனுக்கு மற்ற கட்டங்களின் மியூசிக் எப்படித் தெரியும்?

"அம்மா, இதான்மா. எட்டாவது." தங்கையின் குரல். "இன்னும் ஒரு உயிர் பாக்கி கீது... இருக்கு."

டென்ஷன் ஆனால் அவளுக்குத் தெருப் பாஷை வந்துவிடும். அம்மா அதைத் திருத்தக்கூட இல்லை.

"ஏய், சைக்கிள் ஸ்டாண்டு சத்தம் கேட்டுச்சு," என்றாள் அம்மா. "அவன் வந்துட்டான் போல. நிறுத்து, நிறுத்து."

டக் என்று மியூசிக் நின்றது.

"என்னம்மா இது. ஆறு மணிக்குத்தானே வருவேன்னான்."

"வந்துட்டானே, என்ன பண்றது? பாத்தா அந்த பாக்கி உயிர் என்னுதும்பான். ரூலு. குடுக்காம இருக்க முடியுமா?"

"குடுத்தா குடுத்துடறேன்மா. போனா போவுது."

"அதுக்கில்லடி. மறுபடி உன் எதிர்ல விழுவான், பட்டனு ரப்பருன்னு எதையாவது சொல்லுவான். அப்புறம் ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு திரிவான். பாக்கவே கஷ்டமா இருக்கு எனக்கு. பேசாம காரையே போட்டுடு."

"கேசட்டை எடுத்தா எல்லாம் போயிடும்மா. மொதல்லேருந்து வரணும்."

"தெரியும்டி."

கன்ட்ரோலரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அம்மா, ரொம்ப மெதுவாக, கோபமே இல்லாமல், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்.

"ஒப்புக்குச் சப்பாணிதானேடி அவன். நாமதானே விட்டுக் குடுக்கணும்."

நான் படியின் பாதியில், ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நின்றேன். முதல் நாள் டி.வி.யில் நின்ற அந்த இரண்டாவது ஆசாமி மாதிரியே. எல்லாப் பட்டனையும் யாரோ அமுக்குகிறார்கள், நான் அசையவில்லை.

செய்வதற்கு ரொம்பச் சின்ன வேலைதான் இருந்தது. கீழே இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு, தாம்பரம் வரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கலாம். இல்லை, ஜன்னலில் தட்டி, "எடுக்காத, நீ ஆடு, என் உயிர் உனக்குத்தான்," என்று சொல்லியிருக்கலாம். இறங்கினால் சைக்கிள் சத்தம் கேட்டு, நான் ஒட்டுக் கேட்டது தெரிந்துவிடும். பேசினாலும் தெரிந்துவிடும். எதைச் செய்தாலும் நான் யார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் அதை எடைபோட்டுக்கொண்டு நிற்கும்போதே, உள்ளே கேசட்டைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. நீங்கள் கேட்டிருந்தால் தெரியும். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். கடக் என்று வரும்.

அதற்கப்புறம் நான் மேலே ஏறினேன். வேண்டுமென்றே செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு.

"என்னடா, ஆட்டம் இல்லையா?" என்றாள் அம்மா.

"பந்தல் போடறாங்க."

"வாண்ணா, கார்தான் ஓடிட்டு இருக்கு," என்றாள் தங்கை. "மொத முறை நீயே எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். ஓட்டினேன். என் பெட்ரோல் தீர்ந்தது. அவள் ஓட்டினாள். நான் டி.வி.யைப் பார்க்கவில்லை, அவள் கட்டைவிரலைப் பார்த்தேன். வளைவு வந்தது, அவள் விரல் ஒரு பக்கம் அமுக்கிக்கொண்டிருந்தது, மெல்ல எடுத்தாள். அவ்வளவுதான். கார் நேராகப் போய் மரத்தில் மோதியது. அவ்வளவு நேர்த்தியாக யாரும் மோத முடியாது.

"சூப்பர்ணா, மறுபடி நீதான்," என்றாள்.

அம்மா கைகூடத் தட்டினாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் தலைகாணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே நான் அறிவித்தேன். "இன்னிக்கு எனக்கு வேணாம்பா, போரடிக்குது. மூணு உயிரும் அவளே ஆடட்டும்." பெரிய மனுஷன் தோரணையில், முகத்தைப் பேப்பருக்குள் வைத்துக்கொண்டு. அம்மாவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது பேப்பரின் ஓரமாகத் தெரிந்தது. அவள் உட்கார்ந்தாள். ஐந்தாவது கோட்டை முடித்து ஆறாவதுக்குள் போகும்போது கரண்ட் போயிற்று. ஏரியா முழுக்க. அப்பா மதியச் சாப்பாடு முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கட்டுங்க, கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துடறேன்," என்றார். கரண்ட் அவர் வண்டலூர் பஸ் ஏறிய பிறகு வந்தது.

செட்டை அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது நானும் தங்கையும் மட்டும்தான் ஹாலில். நான் கயிறைப் பிடித்துக்கொண்டேன், அவள் முடிச்சுப் போட்டாள்.

"அண்ணா."

"ம்."

"நேத்து ஸ்டாண்டு போட்டு ரொம்ப நேரம் கழிச்சுத்தானே மேல வந்த?"

"செயின் கழண்டுடுச்சு."

அவள் என் கையைப் பார்த்தாள். நேற்றுக் கையில் கிரீஸ் எதுவும் இல்லையே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. முடிச்சை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, "சரி," என்றாள்.

அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. அவள் பிளஸ் ஒன், பிளஸ் டூ முடித்து, இப்போது காலேஜ் முதல் வருஷம். நான் டிகிரி முடித்து வேலை தேடுகிறேன். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். அப்பா ஆபீஸில் கழித்துப் போட்ட ஒரு தமிழ் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இதை அதில்தான் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் பெரியப்பா மகன் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டான். பழைய செட்டு இனி எதற்கு என்று, அதே அட்டைப் பெட்டியில், அதே ஒரு கன்ட்ரோலரோடு எங்களுக்கே கொடுத்து அனுப்பினான். இந்த முறை திருப்பித் தர வேண்டியதில்லை. பெட்டியைப் பிரித்த உடனே நான் முந்திக்கொண்டு சொன்னேன், மூணு உயிரும் உனக்கே, நான் ஆடல, எனக்கு அடிக்க வேலை இருக்கு.

"அதெல்லாம் ஆவாதுண்ணா," என்றாள். "ரூல்னா ரூல். ஆளுக்கு ஒண்ணு."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நேற்று நான் டைப் அடிப்பதைப் பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா, ரெண்டு கீயைச் சேத்து அமுக்கினா என்ன ஆவும்?" என்றாள். கம்பி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும், அதனால ஒண்ணை விட்டுட்டுத்தான் இன்னொண்ணு, அதைத்தான் இன்ஸ்டிட்யூட்ல மொத நாள்லேருந்து அடிச்சு அடிச்சு பழக்குவாங்க என்றேன். அந்தக் கோடை முழுக்கக் காலையில் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விட்டு வந்துதான் கன்ட்ரோலரைப் பிடித்தேன்.

"அதான்," என்றாள். "பள்ளத்துக்கிட்ட வந்ததும் ஓடற பட்டனை விட்டுட்டுத்தான் நீ குதிக்கற. ரெண்டையும் சேத்து அமுக்கணும். பட்டன்ல ஒண்ணும் கோளாறு இல்லை."

மூன்று வருஷமாக அவள் மனசில் நான் ஆடுகிற விதம் ஓடிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் அவள் பார்க்காமல் போன கோட்டையைப் பற்றி ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

இப்போது ஹாலில் டி.வி. ஓடுகிறது. அம்மா முதல் உயிரை ஆடி, நேரம் தீர்ந்து செத்துவிட்டாள். தங்கை அடுத்த உயிரை வாங்கிக்கொண்டு ஏழாவது கோட்டை வரை போய், பாலத்தில் விழுந்தாள். மிச்சம் இருப்பது என் உயிர்.

"அண்ணா, நிறுத்தி வெச்சிருக்கேன், வா," என்கிறாள்.

இரண்டாவது தடவையாகக் கூப்பிடுகிறாள். நான் இன்னும் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். கன்ட்ரோலர் பாய் மேல் இருக்கிறது.